குளிரில் வெளுத்து நீலமாகும் விரல்கள்: நகக்கண்ணில் தெரியும் பதில்

“என் வயது 43. குன்னூரில் வசிக்கிறேன். கடந்த இரண்டு குளிர்காலமாகக் காலையில் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடு ஏறும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கின்றன. வலது கையில் அதிகம். விரல்கள் உப்பியதுபோல் இருப்பதால் மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. ஒற்றைத் தலைவலிக்குப் புரோப்ரனலால் சாப்பிடுகிறேன், நெஞ்செரிச்சலும் உண்டு. ‘குளிர்தானே, கையுறை போடுங்கள்’ என்கிறார்கள். இது வேறு நோயின் அறிகுறியா?”
— ஒரு வாசகி

கையுறை போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று செய்திகள், ஒரு மூட்டு வாத நோய் நிபுணரை, அதாவது ருமட்டாலஜிஸ்ட்டை, நீங்கள் பார்த்தாக வேண்டும் என்று சொல்கின்றன.

முதலில் விரலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். குளிர் பட்டதும் விரலின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு அது அளவு மீறி, ரத்தம் வருவதே நின்றுவிடுகிறது. அப்போது விரல் வெளுக்கும். தங்கி நிற்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலமாகும். குழாய் திறந்து ரத்தம் பாயும்போது சிவந்து, துடித்து, ஊசி குத்தும். 1862-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் ரேனாட்ஸ் என்கிறோம். மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் கைகளில் வெளுப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. உள்ளங்கைப் பக்கமாக விரலைத் திருப்பிப் பார்த்தால், வெளுத்த பகுதியும் சாதாரணப் பகுதியும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். நிறம் மாறாமல், இரவில் கட்டை விரலும் ஆள்காட்டி, நடு விரல்களும் மட்டும் மரத்துப்போனால் அது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது, ரேனாட்ஸ் அல்ல.

ரேனாட்ஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அடியில் எந்த நோயும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் இளம்பெண்களாக இருப்பார்கள். பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கியிருக்கும். இரு கைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். விரல் நுனியில் புண் வராது. பலருக்கு அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருக்கும். உங்களுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு தொடங்கியிருக்கிறது. நான் கவனிக்கும் முதல் செய்தி இதுதான். இந்த வயதில் புதிதாக வரும் ரேனாட்ஸை, காரணம் தேடிப் பார்க்காமல் ‘வெறும் குளிர்’ என்று ஒதுக்கக் கூடாது.

இரண்டாவது, புரோப்ரனலால். விரல் ரத்தக்குழாய்களைச் சுருங்கச் செய்யக்கூடிய மருந்துகளில் இதுவும் ஒன்று. தலைவலிக்குக் கொடுக்கப்படும் எர்கோட்டமைனும், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படியே. மாத்திரை தொடங்கிய மாதத்தையும் விரல் வெளுக்கத் தொடங்கிய மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரைக்குப் பின்னால்தான் இது வந்தது என்றால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வேறு வகை மருந்து கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும்.

பழி முழுவதையும் மாத்திரையின் மேல் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மூன்றாவது செய்தியான கழற்ற முடியாத மோதிரம் விடவில்லை. உப்பிய விரல், நெஞ்செரிச்சல், நாற்பதுக்கு மேல் வந்த ரேனாட்ஸ் மூன்றும் சேர்ந்தால் ஸ்கிளீரோடெர்மா என்ற தோல் இறுக்க நோய் இல்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும். இந்த நோய் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் ரேனாட்ஸ் இருக்கும். பலருக்குத் தோல் இறுகுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விரல் வெளுக்கத் தொடங்கிவிடும். உணவுக்குழாயின் அசைவு மந்தமாவதால் நெஞ்செரிச்சலும், விழுங்கும்போது உணவு நடுவில் நிற்பதுபோன்ற உணர்வும் வருகின்றன. இப்போதே ஒன்று செய்து பாருங்கள்: நடு விரலின் பின்பக்கத் தோலை மற்றக் கையால் கிள்ளித் தூக்குங்கள். மடிப்பாக எழுந்தால் சரி. எழாமல் எலும்போடு ஒட்டியதுபோல் வழுக்கினால், அல்லது விரல் நுனியில் ஊசி குத்தியதுபோன்ற சிறு குழிகள் இருந்தால், தள்ளிப்போடாமல் போங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ், வாயும் கண்ணும் வறளும் சோக்ரன் நோய், தைராய்டு குறைவு ஆகியவையும் பட்டியலில் உண்டு. முடி கொட்டுதல், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, மூட்டுவலி, மாடி ஏறும்போது மூச்சிரைப்பு, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிபுணர் முதலில் உங்கள் நகக்கண்ணைத்தான் பார்க்க வேண்டும். நகமும் தோலும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் நோய்க்குப் பயன்படும் கையடக்க உருப்பெருக்கியால் பார்த்தால் நுண்குழாய்கள் தெரியும். நலமான ஒருவருக்கு அவை கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கும். ஸ்கிளீரோடெர்மாவில் சில வளைவுகள் பருத்து வீங்கியிருக்கும். இடையில் ரத்தப் புள்ளிகளும், குழாயே இல்லாத வெற்றிடங்களும் தெரியும். வலி இல்லாத, ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் சில வாரங்கள் நகக்கண் தோலை வெட்டாதீர்கள். காயத்தால் படம் குழம்பும். கூடவே, உடல் தன்னையே தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீர், ரத்த எண்ணிக்கை. ஏ.என்.ஏ. மட்டும் லேசாகப் பாசிட்டிவ் என்று வந்தால் பதற வேண்டாம்; நலமாக இருப்பவர்களுக்கும் அப்படி வரும். நகக்கண்ணும் ரத்தமும் இரண்டுமே சரியாக இருந்தால் பின்னாளில் நோய் வெளிப்படுவது மிகக் குறைவு. நகக்கண்ணும் மாறி, ஸ்கிளீரோடெர்மாவுக்கே உரிய எதிர்ப்புப் புரதமும் இருந்தால், தோல் இறுகாவிட்டாலும் நுரையீரலையும் இதயத்தையும் சோதித்துத் தொடர் கண்காணிப்பில் வைப்பார்கள்.

வலது கையில் அதிகம் என்கிறீர்கள். இரு கைகளிலும் வருவதால் அது எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒரே கையில் மட்டும் வந்தால்தான் கதை வேறு: கழுத்தடியில் ரத்தக்குழாய் நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் ரம்பம், கல் துளைக்கும் எந்திரம் பிடித்து வேலை செய்பவர்களுக்கு அதிர்வாலேயே இது வரும். பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குக் கை, கால் ரத்தக்குழாய்கள் அடைபட்டும் வரலாம்.

மருத்துவரைப் பார்க்கும்வரை: கையை மட்டுமல்ல, உடலைச் சூடாக வையுங்கள், மார்பு குளிர்ந்தாலே விரல் சுருங்கும். வெளுத்த விரலை அடுப்பில் காட்டாதீர்கள், கொதிக்கும் நீரில் விடாதீர்கள். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. வெதுவெதுப்பான நீரோ அக்குளோ போதும். வெளுத்திருக்கும்போது கைபேசியில் படம் எடுங்கள். மருத்துவர் அறையில் உங்கள் விரல் சமர்த்தாக இருக்கும். மோதிரத்தைச் சோப்புத் தண்ணீரில் கழற்றப் பாருங்கள். வராவிட்டால் நகைக்கடையில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின் கொடுப்பார்கள். கணுக்கால் வீக்கமும் தலைவலியும் வரலாம், நெஞ்செரிச்சலும் கூடலாம். அதனால் நெஞ்செரிச்சல் இருப்பதை மறக்காமல் முன்பே சொல்லுங்கள். ‘வீக்கம் வற்றும்’ என்று மருந்துக்கடையில் தரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடாதீர்கள். அடியில் ஸ்கிளீரோடெர்மா இருந்தால், அது ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும்.

சூடு கொடுத்த பிறகும் ஒரு விரல் நீலமாகவே நின்று வலித்தாலோ, நுனி கறுத்தாலோ, புண் வந்தாலோ முன்பதிவுத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.