நேரில் காணாத சக ஊழியர்களும் காபி சாட்டும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம், யாரையும் நேரில் பார்த்ததில்லை. இருவர் காணொளியில் சும்மா பேசிக்கொள்ளும் காபி சாட், ஸ்லாக் என்ற அலுவலகச் செய்திச் செயலியில் பலர் சேர்ந்து எழுதும் சேனல் என்று நடத்துகிறார்கள். இவற்றால் உண்மையிலேயே பழக்கம் ஏற்படுமா? எப்படிச் செய்தால் ஏற்படும்?

பதில்:

ஏற்படும். ஆனால் காபி சாட்டையும் சேனலையும் தொடர்பில்லாத இரண்டு ஏற்பாடுகளாக வைத்திருந்தால் பெரும்பாலும் ஏற்படாது. காபி சாட் திரையில் வெறும் பெயராக இருந்த ஒருவருக்கு முகத்தையும் குரலையும் தருகிறது. அந்த அறிமுகம் தொடர வேண்டுமானால், அதன்பிறகு இருவரும் அடிக்கடி, சிரமமில்லாமல், சில வரிகளாவது பரிமாறிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் சேனல். மதுரையிலிருந்தபடி, அலுவலகமே இல்லாத ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிக் குழுவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில், யாருடன் பழக்கம் தேவைப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் குழுவில் இருப்பவர்களுடன் வேலை நிமித்தமாகவே அன்றாடம் பேசிவிடுவீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது அறுந்துபோவது வேறு குழுக்களில் இருப்பவர்களுடனான தொடர்புதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் 2020 முதல் அரையாண்டுத் தகவல் தொடர்புகளை ஆராய்ந்து, 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இதையே காட்டியது: அனைவரும் வீட்டுக்குச் சென்றபின் அவரவர் குழுவுக்குள் பிணைப்பு இறுகியது, குழுக்களுக்கு இடையிலான பாலங்கள் குறைந்தன, நேரடியாகப் பேசுவது குறைந்து மின்னஞ்சலும் செய்திகளும் பெருகின. ஆகவே காபி சாட்டுக்கு உங்கள் அணியினரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுப்பதில் பயன் குறைவு. உங்கள் வேலை யாருடைய வேலையில் போய் முடிகிறதோ, யாருடைய வேலை உங்களிடம் வந்து சேர்கிறதோ, அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

பல நிறுவனங்களில் இந்த இணைப்பை ஸ்லாக்கில் இயங்கும் டோனட் என்ற செயலி செய்கிறது. அதற்கென ஒரு சேனல் இருக்கும். அதில் சேர்ந்தவர்களை மட்டும் செயலி குறிப்பிட்ட இடைவெளியில் இருவர் இருவராகப் பொறுக்கி, இருவரையும் ஒரே தனிச்செய்தியில் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முழுக்க முழுக்கத் தொலைவிலிருந்தே இயங்கும் கிட்லேப் நிறுவனம் இதற்காக `#donut_be_strangers` என்ற சேனலை வைத்திருந்தது. தன் பொதுக் கையேட்டில் காபி சாட்டை வேலை நேரத்தின் பகுதியாகவே குறிப்பிட்டிருக்கிறது. அந்தக் கடைசிக் குறிப்பு முக்கியமானது. வேலை நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லும் காபி சாட் சில வாரங்களிலேயே நின்றுவிடும், குறிப்பாகக் குழந்தைகளை வைத்திருப்பவர்களிடம்.

செயலி அறிமுகப்படுத்திய பிறகுதான் பெரும்பாலான இணைகள் கலைகின்றன. ஒருவர் "வணக்கம், எப்போது வசதிப்படும்?" என்று எழுதுவார், மற்றவர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார், அடுத்த வாரம் வராது. இதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் செய்தியிலேயே இரண்டு நேரங்களை, எதிரில் இருப்பவரின் கடிகாரப்படி குறிப்பிட்டு, "இவற்றில் எது சரி?" என்று கேட்டுவிடுவது. கேலெண்டரில் இருபத்தைந்து நிமிடம் போதும். அரை மணி என்று வைத்தால் அடுத்த கூட்டத்துக்கு ஓடும் பதற்றம் கடைசி நிமிடங்களைக் கெடுக்கும்.

நேரக் கணக்கில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மாற்றுகிறார்கள், அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறார்கள். ஆகவே போலந்தில் காலை 11 மணி என்பது நமக்குக் கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. அங்கே இருவருக்கும் பகல் நேரம் பொருந்துவதால் சிக்கலில்லை. கலிபோர்னியா என்றால் நிலைமை வேறு: நமக்குக் காலை 8 மணி என்பது அங்கே கோடையில் முந்தைய நாள் இரவு 7.30. யாராவது ஒருவர் வீட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், அது எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் மனத்தாங்கல் வளரும். அத்தகைய இணைக்கு நேரலை உரையாடலை வற்புறுத்தாமல், இரண்டு மூன்று நிமிடக் குரல் பதிவுகளை ஒரு வாரத்துக்குள் மாறி மாறி அனுப்பிக்கொள்வது மேலானது. முகம் பார்த்துப் பேசும் நெருக்கம் அதில் வராது என்றாலும், எழுத்தைவிடக் குரல் எவ்வளவோ மேல்.

பேசத் தொடங்கிய பிறகு "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பது பயன் தருவதில்லை. எதிரில் இருப்பவர் நேர்முகத் தேர்வில் சொல்லும் பதிலையே சொல்வார். "இந்த வாரம் எந்த வேலை எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுத்தது?", "உங்கள் குழுவின் வேலையைப் பற்றி மற்றவர்கள் எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்?" போன்ற கேள்விகளுக்கு யாராலும் மனப்பாடமான விடை சொல்ல முடியாது. உளவியலாளர் ஆர்தர் ஏரனும் சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத இணைகளைச் சுமார் முக்கால் மணி நேரம் பேசவைத்தார்கள். மேலோட்டமான கேள்விகளைப் பேசியவர்களைவிட, படிப்படியாகத் தன்னைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லவைக்கும் கேள்விகளுக்கு இருவரும் மாறி மாறி விடை சொன்னவர்களிடம் நெருக்க உணர்வு அதிகமாக இருந்தது. இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை 'படிப்படியாக', 'மாறி மாறி' என்ற இரண்டும்தான். அவர் சொன்ன அளவுக்கு நீங்களும் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே போனால் விசாரணையாகிவிடும். சொந்த ஊர், திருமணம், பிள்ளைகள் என்று நாம் இயல்பாகத் தொடங்கும் கேள்விகளைப் பிற நாட்டவரிடம் முதலில் கேட்காமல், அவர்களே அந்தப் பேச்சை எடுக்கும்வரை காத்திருப்பது நல்லது.

என் அனுபவத்தில் நன்றாக அமைந்த ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். போலந்தில் இருந்து பில்லிங் குழுவில் பணிபுரியும் ஒருவருடன் செயலி என்னை இணைத்தது. வாடிக்கையாளர்களின் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி எங்கள் குழு அந்தக் குழுவுக்கு அடிக்கடி எழுதும். மாதக் கடைசியில் மட்டும் பதிலே வராது. அவர்கள் எங்களை மதிப்பதில்லை என்று எங்கள் பக்கத்தில் சிலர் பேசிக்கொண்டதுண்டு. எந்த வேலை அதிக நேரம் எடுக்கிறது என்று நான் கேட்டபோது, மாதத்தின் கடைசி இரண்டு வேலை நாட்களும் கணக்கு முடிப்பில் போய்விடுவதாகவும், அப்போது புதிய கோரிக்கை எதையும் யாரும் திறப்பதேயில்லை என்றும் அவர் சொன்னார். வாடிக்கையாளர் கோபமாக எழுதும் கடிதத்தை முதலில் படிப்பவர் நான்தான் என்பதையும், பதிலில்லாமல் அவரை இரண்டு நாள் காக்கவைப்பது எப்படியிருக்கும் என்பதையும் நான் சொன்னேன். மீதி நேரம் முழுவதும் அவர் பால்கனியில் வளர்க்கும் தக்காளியைப் பற்றிப் பேசினோம். என் மாடித் தோட்டத்திலும் அதே பயிர், ஆனால் எங்கள் வெயிலில் சித்திரையில் பூ உதிர்ந்துவிடும்.

உரையாடல் முடிந்ததும் நான் செய்தவை இரண்டு. கணக்கு முடிப்பு பற்றிய தகவலை, அவர் அனுமதியுடன், இரு குழுக்களும் இருக்கும் பொதுச் சேனலில் நான்கு வரியில் எழுதினேன். அவர் அதன்கீழ், அவசரமானவற்றை எந்த அடையாளத்துடன் அனுப்பலாம் என்று சேர்த்தார். பிறகு தோட்டச் சேனலில் என் தக்காளிச் செடியின் படத்தைப் போட்டு, அவர் பெயரைக் குறிப்பிட்டேன். சில வாரம் கழித்து வரிக் கணக்கு தொடர்பான ஒரு சிக்கல் வந்தபோது அவருக்குத் தனிச்செய்தி அனுப்பாமல், பொதுச் சேனலிலேயே அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் விளக்கினார், அதைப் படித்த பிரேசில் சக ஊழியர் ஒருவர், தம் நாட்டு வாடிக்கையாளர்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று சுட்டிக்காட்டினார். தனிச்செய்தியாக இருந்திருந்தால் அந்த மூன்றாமவர் வந்திருக்கவே மாட்டார், அவரை எனக்குத் தெரிந்திருக்கவும் மாட்டாது.

இதனால்தான் காபி சாட்டில் கிடைத்த பழக்கத்தைத் தனிச்செய்திக்குள் பூட்டிவைக்க வேண்டாம் என்கிறேன். சொந்த விஷயம் தனிச்செய்தியில் இருக்கட்டும்; வேலைக் கேள்வி பொதுவில் வரட்டும். ஸ்லாக்கின் புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்க்க உங்கள் நிறுவனத்தில் அனுமதி இருந்தால், செய்திகளில் எவ்வளவு பொதுச் சேனல்களிலும் எவ்வளவு தனிச்செய்திகளிலும் போகிறது என்று தெரியும். தனிச்செய்தியின் பங்கு ஏறிக்கொண்டே போனால், ஏற்கெனவே பழகியவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசுகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவருக்கு உள்ளே வர வழியில்லை என்று பொருள் கொள்ளலாம். இலவசத் திட்டத்தில் இருப்பவர்கள், 90 நாட்களுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது என்பதையும் நினைவில் கொண்டு, முக்கியமான பதில்களை வேறோர் ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பொழுதுபோக்குச் சேனல்களைப் பொறுத்தவரை, பொருள் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. `#random` போன்ற பொதுவான சேனலில் நூறு பேர் படிப்பார்கள், மூவர் மட்டுமே எழுதுவார்கள். செடி, மிதிவண்டி, வீட்டுச் சமையல் என்று இருந்தால் கூச்சப்படுபவரும் ஒரு படம் போடுவார். ஒரு சேனல் தளர்ந்துவிட்டதை அடையாளம் காண்பது எளிது: செயலி தானாகப் போடும் வாராந்தரக் கேள்வி மட்டும் வரிசையாக நிற்கும், கீழே பதில் இருக்காது. அத்தகைய சேனலைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவதில் தவறில்லை.

மேலாளர்கள் இந்தச் சந்திப்புகளைக் கட்டாயமாக்கி, எத்தனை நடந்தன என்று எண்ணத் தொடங்கும்போது, ஊழியர்கள் ஐந்து நிமிடம் பேசிவிட்டு 'சந்தித்தோம்' என்று பொத்தானை அழுத்திவிடுவார்கள். விருப்பமில்லாதவர் சேனலிலிருந்து விலக வழியிருக்க வேண்டும், கேமராவை அணைத்துவிட்டுப் பேசவும் இடம் இருக்க வேண்டும். வேலைப்பளு மிகுந்த மாதத்தில் இணைப்பை நிறுத்திவைக்கச் செயலியிலேயே வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லாக் குறையையும் இது ஈடுசெய்யும் என்று நான் சொல்லவில்லை. தொலைவிலிருந்தே இயங்கும் நிறுவனங்களாகப் பெயர்பெற்ற ஆட்டோமேட்டிக், கிட்லேப் இரண்டுமே தம் ஊழியர்களை ஓரிடத்தில் கூட்டும் சந்திப்புகளுக்குப் பெரும் பணம் செலவிட்டிருக்கின்றன. குறிப்பாக, கடுமையான கருத்து வேறுபாட்டை முதல் காபி சாட்டில் தீர்க்க முயல வேண்டாம். அதற்கு முன்னரே பழக்கம் இருந்திருக்க வேண்டும். பழக்கம் வந்துவிட்டதா என்று அறிய நான் பார்ப்பது ஒன்றே: சந்திப்பு முடிந்து ஒரு மாதத்துக்குள், செயலியும் மேலாளரும் தூண்டாமல், இருவரில் யாராவது சேனலில் மற்றவரின் பெயரைச் சொல்லி எதையாவது எழுதியிருக்கிறாரா? எழுதவில்லை என்றால், இன்னொரு சந்திப்பைக் கேலெண்டரில் போடுவதற்கு முன் நீங்களே அந்த முதல் வரியை எழுதிவிடுங்கள்.