மச்சானின் கணக்கில் உங்கள் வருமானம்

கேள்வி: செங்கலடியில் டைல்ஸ் பதிக்கிறேன். ஒரு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கையில் வரும், மழைக்காலத்தில் ஒன்றும் இருக்காது. வெட்டும் மெசினும் பழைய மோட்டார் சைக்கிளும் வாங்க 3 லட்சம் லோன் கேட்டேன். வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். வேலைக் காசு மச்சானின் கணக்குக்குத்தான் வரும், அவரிடம்தான் ஆப் இருக்கு. அவசரத்துக்கு அவரும் கொஞ்சம் எடுப்பார். கிரெடிட் கார்டாவது கிடைக்குமா?

பதில்: ஆதாரம் இருக்கிறது தம்பி, ஆனால் அது மச்சானின் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அவர் கேட்டால் ஒருவேளை லோன் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. இதை முதலில் நிறுத்துங்கள். அடுத்த வேலையிலிருந்து முற்பணமும் மிச்சக் காசும் உங்கள் சேமிப்புக் கணக்குக்கே வரட்டும். கையில் காசாகத் தந்தால், அன்றைக்கோ மறுநாளோ நீங்களே வங்கியில் போடுங்கள். மச்சானுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் உங்கள் கணக்கில் இருந்து எடுத்துக் கொடுங்கள். எவ்வளவு போகிறது என்பதாவது அப்போது தெரியும்.

கணக்குக்கு வந்த காசெல்லாம் வருமானம் இல்லை என்பது வங்கிக்காரருக்கும் தெரியும். அதனால் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஏறாவூரில் 600 சதுர அடி வேலை, அடிக்கு 120 ரூபா என்று வைப்போம். கூலி 72,000. கையாளுக்குப் பத்து நாள், நாளுக்கு 3,000 வீதம் 30,000. பிளேட், பெற்றோல் 4,000. உங்களுக்கு மிஞ்சியது 38,000. வங்கி தேடுவது இந்த 38,000ஐத்தான். டைல்ஸ், சீமெந்து வாங்கவும் உங்களிடமே காசு தருவார்கள். அது ஒரு நாள் வந்து மறுநாள் ஹார்ட்வெயாருக்குப் போய்விடும். அந்த பில்லை அதே பக்கத்தில் பின் அடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்டேட்மென்டைப் பார்ப்பவருக்கு, வந்ததெல்லாம் உடனே கரைந்துபோகிற கணக்காகத்தான் தெரியும்.

குறைந்தது ஆறு மாதம் இப்படிப் பதியுங்கள். ஜூலையில் தொடங்கினால் மழை மாதங்களும் உள்ளே வரும். அவற்றை மறைக்க வேண்டாம். மட்டக்களப்பில் இருக்கும் எந்த மெனேஜருக்கும் நவம்பர், டிசம்பரில் இங்கே வேலை எப்படி இருக்கும் என்று தெரியும். ஜூலை முதல் டிசம்பர் வரை செலவு போக 85, 70, 90, 60, 25, 30 ஆயிரம் வந்தது என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 3,60,000. மாதச் சராசரி 60,000. வீட்டுச் செலவு 42,000 போனால் மிச்சம் 18,000. 3 லட்சத்தை 15 வீத வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 10,400. சராசரியில் தாங்கும். ஆனால் 25,000 வந்த நவம்பரில் வீட்டுக்கே 17,000 துண்டு விழுகிறது, தவணைக்கு எங்கே போவீர்கள்? மெனேஜர் இதைத்தான் கேட்பார். மூன்று தவணைக் காசு, சுமார் 31,000, ஒக்டோபருக்கு முன்பே கணக்கில் தொடாமல் கிடந்தால், நீங்கள் வாயால் சொல்லும் எந்தப் பதிலையும்விட அது பலமானது.

யாரோ சொன்னார்கள் என்று 2 லட்சம் கைமாத்து வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள். ஒரே நாளில் வந்து, சில நாளில் வெளியேறும் பெரிய தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். சம்பளக் கடிதம் அடித்துத் தருகிறவரிடமும் போக வேண்டாம். கிராம சேவகரின் கடிதம் நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு உதவும், எவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதற்கு அது மட்டும் போதாது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொண்டால் கொப்பிக்கும் பில்லுக்கும் ஒரு முகவரி கிடைக்கும். பிறகு அந்தப் பெயரிலேயே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள், கார்பன் பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ட் வேண்டாம். உங்களுக்குத் தேவை மெசினும் வண்டியும். கார்டில் காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், மழை மாதத்தில் அது வளர்ந்து நிற்கும். போனில் ஐந்து நிமிடத்தில் லோன் தருகிற ஆப்களையும் திறக்காதீர்கள். கார்ட்தான் வேண்டும் என்றால் பிற்பாடு ஒரு சிறிய நிலையான வைப்பு போட்டு, அதன் மேல் கேளுங்கள். வைப்பே பிணையாக இருப்பதால் வருமானக் கேள்வி குறையும்.

சரி, ஜனவரியில் கொப்பி, பில் கட்டு, ஆறு மாத ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு, உங்கள் கணக்கு இருக்கிற கிளைக்கே போங்கள். ஒரேயடியாக 3 லட்சம் தர வங்கி தயங்கினால் மெசினுக்கு மட்டும் கேளுங்கள், வண்டி அடுத்த வருடம் வரட்டும்.