'புரிய வைத்தல்' என்று எழுதினால் ஏன் அடிக்கிறார்கள்?

*நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு, 'கலவைகளைப் பிரிக்கும் முறைகளை மாணவர்களுக்குப் புரிய வைத்தல்' என்று நோக்கம் எழுதினேன். வழிகாட்டி ஆசிரியை சிவப்பு மையில் அடித்துவிட்டு 'அளவிட முடியாது' என்று எழுதியிருக்கிறார். எப்படி மாற்றுவது என்று அவரும் சொல்லவில்லை. எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டே கடையில் கிடைக்கிறது, வாங்கிவிடு என்கிறார்கள் தோழிகள். என்ன செய்வது?*

நோட்டை வாங்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், முதலில் அந்த வரியைச் சரிசெய்வோம்.

'புரிய வைத்தல்' யார் செய்கிற வேலை? நீங்கள் செய்வது. மணி அடித்ததும், நான் புரிய வைத்தேன் என்று நீங்கள் சொல்லிவிடலாம். கடைசி பெஞ்சுப் பையனுக்கு ஒன்றும் ஏறாவிட்டாலும் அந்த வரி நிறைவேறிவிட்டதாகவே இருக்கும். ஆகவே வாக்கியத்தை 'மாணவர்' என்று தொடங்குங்கள்.

பலர் இதோடு நிறுத்தி, 'மாணவர் புரிந்துகொள்வார்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆள் மாறியாகிவிட்டது, ஆனால் வினை இன்னும் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. புரிந்துகொண்ட பிள்ளையும் புரியாத பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எதை வைத்துப் பிரித்துச் சொல்வீர்கள்? முதல் பிள்ளை செய்து இரண்டாவது பிள்ளையால் செய்ய முடியாதது எதுவோ, அதுதான் நீங்கள் எழுத வேண்டிய வினை. உங்கள் பாடத்தில் அது, ஒரு கலவையைப் பார்த்ததும் எந்த முறையை முதலில் செய்வது, ஏன் என்று சொல்வது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கண்ணால் பார்க்க முடிகிற வினை வேண்டும் என்றதும், நோக்கம் எழுதக் கொடுக்கும் வினைச்சொல் பட்டியலில் முதலில் கிடைக்கும் 'வரையறுப்பார்', 'பட்டியலிடுவார்' என்பவற்றை எடுத்துப் போட்டுவிடுவார்கள். 'வடிகட்டுதலை வரையறுப்பார்' என்பதை நன்றாகவே அளவிடலாம். ஆனால் முந்தின நாள் இரவு மனப்பாடம் செய்த பிள்ளையும் அதில் தேறிவிடும். நீங்கள் விரும்பியது அதுவா?

அடுத்தது, எந்த நிலையில் செய்ய வேண்டும் என்பது. ராபர்ட் மேகர் 1962-இல் நோக்கம் எழுதுவது பற்றிய தம் நூலில் மூன்றைக் கேட்டார்: மாணவர் என்ன செய்வார், எந்த நிலையில் செய்வார், எந்த அளவுக்குச் செய்தால் போதும். நடுவில் உள்ளதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் வகுப்பில் மணல், உப்பு, இரும்புத்தூள் கலந்து செய்து காட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள், அப்போதுதான் தூளைச் சுலபமாக உதிர்க்க முடியும். இரும்பை எடுத்தபின் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் உப்பு கரையும். வடிதாளில் மணல் நின்றுவிடும். உப்புநீரைத் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள், ஒரு பாடவேளைக்குள் அது வற்றாது. சரி, பாடம் முடிந்து அதே கலவையைக் கொடுத்துக் கேட்டால் என்ன தெரியும்? நீங்கள் செய்தது ஞாபகம் இருக்கிறதா என்பது மட்டும்தான். மரத்தூள், உப்பு, குண்டூசி என்று மாற்றிக் கொடுங்கள். குண்டூசி காந்தத்தில் ஒட்டும், உப்பு தண்ணீரில் கரையும், மரத்தூள் கரையாது என்று யோசிக்கிற பிள்ளைதான் புரிந்துகொண்ட பிள்ளை.

இப்போது வரி இப்படி வரும்: 'வகுப்பில் செய்து காட்டாத, மூன்று பொருள்கள் கலந்த கலவையைக் கொடுத்தால், அவற்றைப் பிரிக்கும் முறைகளை ஒவ்வொரு மாணவரும் செய்யும் வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணமான பண்பைக் குறிப்பிடுவார். வரிசை சரியாகவும், இரண்டு பொருள்களுக்காவது காரணம் சரியாகவும் இருக்க வேண்டும்.'

'வரிசை சரி' என்றால் என்ன என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கரைத்த பிறகுதான் வடிகட்ட முடியும், வடிகட்டிய பிறகுதான் ஆவியாக்க முடியும். இது மாறாது. காந்தத்தை முதலில் வைத்தாலும் சரி, வடிதாளில் நின்றதை உலர்த்திவிட்டுக் கடைசியில் வைத்தாலும் சரி. இதை யோசிக்காமல் போனால், சரியாக எழுதிய பிள்ளைக்கு நீங்களே தப்பு போட்டுவிடுவீர்கள்.

'ஒவ்வொரு மாணவரும்' என்றதற்கும் காரணம் இருக்கிறது. குழுவாகச் செய்யவிட்டால் ஒருவன் கையில் காந்தம் இருக்கும், மற்ற ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். 'மாணவர் குழுவாகச் செய்து பார்ப்பார்' என்பது செயல்பாடு, நோக்கம் ஆகாது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து எழுதி வாங்குங்கள். நாற்பது சீட்டை மதிய இடைவேளையிலேயே பார்த்துவிடலாம்.

இப்போது அந்தக் கடை நோட்டு விஷயம். கல்லூரிகளுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைகளில் இந்த வியாபாரம் நடக்கிறது. எழுதித் தருகிறவர்களுக்கு உங்கள் பிள்ளைகளையும் தெரியாது, பாடத்தையும் தெரியாது. பழைய நோட்டில் தலைப்பை மட்டும் மாற்றித் தருவார்கள். ஒருமுறை என்னிடம் மூன்று பேர் ஒரே கையெழுத்தில் நோட்டு கொண்டு வந்தார்கள். அதில் ஒன்றில் ஒலி பாடத்துக்குக் கீழே ஒளிச்சேர்க்கையின் நோக்கங்கள் இருந்தன. அந்தப் பெண் வகுப்பில் நின்று எதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்ததை நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கொடுத்த காசைவிட அந்தத் தவிப்புதான் எனக்கு வலித்தது. 'எண்பது விழுக்காடு மாணவர்கள் எண்பது விழுக்காடு சரியாகச் செய்வர்' என்ற வரியும் இந்த நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். எதில் எண்பது என்று கேட்டால் பதில் இருக்காது. உங்கள் நோட்டில் அது இருந்தால் அடித்துவிடுங்கள்.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கையும் நிரப்பு என்கிறார்கள். ஒரு பாடவேளையில் ஒரு நல்ல நோக்கம் நிறைவேறினாலே பெரிது. நோட்டின் அட்டையையும் வரிகளின் எண்ணிக்கையையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், ஒரு வரியையாவது வாசித்து 'இப்படி மாற்று' என்று சொல்லித் தந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள்.

உங்கள் தோழிகளில் தமிழ் எடுத்தவர்கள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். 'செய்யுளின் நயத்தை உணர்தல்' என்பதை இதே அச்சில் போட்டு வார்க்கக் கூடாது. 'உவமைகள் இரண்டைச் சுட்டுவார்' என்று மாற்றினால் அளவிடலாம், ஆனால் நயம் போய்விடும். உவமையைச் சுட்டுகிற பிள்ளை அந்தப் பாட்டை ரசித்தது என்று யார் சொன்னது? உரைநூலைப் பார்த்தும் சுட்டலாம். ரசித்த பிள்ளைக்கு வாய் திறந்து சொல்லவும் வராமல் போகலாம். அங்கே 'உணர்தல்' என்பதைப் பொது நோக்கமாக அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடையாளமாக ஒன்றிரண்டை மட்டும் கீழே எழுதலாம். 'தனக்குப் பிடித்த ஒரு வரியைத் தேர்ந்து, அதில் எந்தச் சொல்லை மாற்றினால் கெட்டுவிடும் என்று சொல்வார்' என்பது போல. இத்தனை சரி, இத்தனை தவறு என்ற அளவை அங்கே வைக்க வேண்டாம். அது அடையாளம்தான், அதைத் தேர்வாக்கிவிடக் கூடாது. வழிகாட்டி கேட்டால் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் அறிவியல் பாடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. புது வரியை எழுதி, மரத்தூள் கலவைக்குப் பிள்ளைகள் எழுதித் தந்த சீட்டுகளையும் நோட்டோடு சேர்த்து உங்கள் ஆசிரியையிடம் காட்டுங்கள். காரணம் தப்பாக எழுதியவர்களின் சீட்டுகளை மேலே வையுங்கள். மறுநாள் ஜன்னலோரத் தட்டில் உப்பு படிந்திருக்கும்போது யாரிடம் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.