தொடக்கத்தில் 3 மடங்கு, முடிவில் ஒன்று: ஈ.கோலை குரோமோசோமின் கணக்கு

கேள்வி: நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு மாணவி. எல்.பி. ஊடகத்தில் 37 டிகிரியில் வளர்க்கும் என் ஈ.கோலை 25 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. கியூபிசிஆரில், இரட்டிப்பாதல் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள மரபணு, எதிர்ப்புறத்திலுள்ள மரபணுவைப் போல 3 மடங்கு வருகிறது. ஒரு செல்லுக்கு ஒரு குரோமோசோம்தானே? புராஜெக்ட் சென்டரில் "கலப்படம், இல்லாவிட்டால் மரபணு பெருகியிருக்கிறது" என்று சொல்லி, முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்களுக்கு வந்திருக்கும் 3 என்ற எண் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. 25 நிமிடத்தில் இரட்டிக்கும் ஈ.கோலையில் அந்த எண்தான் வர வேண்டும், ஒன்று வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். இதைச் சொல்ல ஓர் எளிய கணக்கு போதும். அந்தக் கணக்கைப் பாடத்திட்டத்தில் எங்கும் வைக்காமல், "முதலில் நகலெடுப்பு, பிறகு பிரிவு" என்று நம் செல்களுக்குப் பொருந்தும் வரிசையையே பாக்டீரியாவுக்கும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, ஆய்வகத்தில் உண்மை எதிரே வந்து நிற்கும்போது மாணவரைத் தரகர்களிடம் அனுப்பும் ஏற்பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. இப்போதைக்கு கணக்கைப் பார்ப்போம்.

ஈ.கோலையின் குரோமோசோம் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு வளையம். நகலெடுப்பு அதில் ஒரே ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து இரண்டு கவைகள் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டு, வளையத்தைச் சுற்றி, எதிர்ப்புறத்து முடிவிடத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கவையும் நொடிக்குச் சுமார் 1000 கார இணைகளைக் கடக்கிறது. ஆளுக்கு 23 லட்சம் என்று வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 40 நிமிடம் வரும். நகலெடுப்பு முடிந்த உடனே செல் இரண்டாகிவிடுவதுமில்லை. இரண்டு வளையங்களும் விலகி, நடுவே சுவர் எழும்பிப் பிரிய இன்னும் 20 நிமிடம் வேண்டும். ஆக, நகலெடுப்பு தொடங்கியதிலிருந்து அந்த நகல்கள் தனித்தனிச் செல்லுக்குப் போய்ச் சேர 60 நிமிடம். வளமான ஊடகத்தில் வளரும் செல்லால் இந்த 60-ஐ மேலும் சுருக்க முடிவதில்லை. ஆனாலும் அது 25 நிமிடத்துக்கு ஒரு முறை பிரிகிறது.

இந்த முடிச்சை 1968-இல் ஸ்டீபன் கூப்பரும் சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டரும் அவிழ்த்தார்கள். ஒரு சவ்வு வடிகட்டியில் செல்களை ஒட்டவைத்து, தலைகீழாகத் திருப்பி, மேலிருந்து ஊடகத்தை ஓடவிட்டால், ஒட்டிய செல் பிரியும்போது புதிதாகப் பிறந்த செல் மட்டும் கீழே உதிரும். ஒட்டவைப்பதற்கு முன்பே செல்களுக்குச் சிறிது நேரம் கதிரியக்கத் தைமிடின் கொடுத்து, பிறகு வரிசையாக உதிரும் செல்களில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, ஒவ்வொரு வயதிலும் டி.என்.ஏ. எவ்வளவு வேகமாக உருவாகிறது என்று கணக்கிட்டார்கள். வேகமாக வளரும் செல் நகலெடுப்பை விரைவுபடுத்துவதில்லை, முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது என்பதே அவர்கள் கண்ட விடை. வயலில் பயிர் நிற்கும்போதே அடுத்த போகத்துக்கு நாற்றங்கால் விடுகிறோம் அல்லவா, அதைப் போல. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே நாற்றங்காலுக்குள்ளேயே இன்னொரு நாற்றங்கால் விடப்படுகிறது.

உங்கள் செல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று காலை சரியாக 10 மணிக்கு ஒரு செல் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10.25-க்குப் பிரியும், அதன் மகள்கள் 10.50-க்கும், பேத்திகள் 11.15-க்கும் பிரிவார்கள். பேத்திகள் 11.15-க்குப் பிரிய வேண்டுமானால், அதற்கான நகலெடுப்பு 60 நிமிடம் முன்னதாக, அதாவது 10.15-க்கே தொடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் பேத்தியும் இல்லை, மகளும் இல்லை, பாட்டி மட்டுமே இருக்கிறாள். பேத்தியின் பிரிவுக்கான வேலையைப் பாட்டி தன் 15-ஆம் நிமிட வயதில் தொடங்கி வைக்கிறாள். அது 10.55-க்கு, பேத்தி பிறந்து 5 நிமிடம் ஆனபோது முடிகிறது.

இதே முறை முந்திய தலைமுறைகளிலும் நடந்திருப்பதால், 10 மணிக்குப் பிறந்த நம் செல் வெறும் ஒரு குரோமோசோமோடு பிறக்கவில்லை. அதன் வளையத்தில் 9.25-க்குத் தொடங்கிய ஒரு சுற்று முடியப்போகும் நிலையில் இருக்கிறது. அது உண்டாக்கிய இரண்டு கிளைகளிலும் 9.50-க்குத் தொடங்கிய அடுத்த சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே பிறந்த நொடியில் அதனிடம் முடிவிடம் ஒன்று, தொடக்கப் புள்ளிகள் நான்கு. ஐந்து நிமிடத்தில் பழைய சுற்று முடிந்து முடிவிடம் இரண்டாகிறது. 15-ஆம் நிமிடத்தில் நான்கு தொடக்கப் புள்ளிகளும் ஒரே சமயத்தில் மீண்டும் தொடங்க, அவை எட்டாகின்றன. பிரியும்போது ஆளுக்கு ஒரு முடிவிடமும் நான்கு தொடக்கப் புள்ளிகளும் போகின்றன, கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

அதாவது, ஒரே செல்லுக்குள் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள விகிதம் சில நிமிடம் 4, சில நிமிடம் 2, பிறகு மறுபடி 4. உங்கள் குழாயில் எல்லா வயதுச் செல்களும் கலந்திருப்பதால் கிடைப்பது ஒரு சராசரி. அந்தச் சராசரிக்கு வாய்பாடு இதுதான், இதில் C என்பது நகலெடுப்புக்கு ஆகும் நேரம், τ என்பது இரட்டிக்கும் நேரம்:

```
2^(C/τ) = 2^(40/25) ≈ 3.03
```

நீங்கள் கண்டது 3. உங்கள் கருவியில் இது ஏறத்தாழ 1.6 சுழற்சி வேறுபாடாகத் தெரிந்திருக்கும். இந்த ஒரு வரியை எழுதிக் காட்டாமல் "கலப்படம்" என்று சொன்னவருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி அந்த புராஜெக்ட் சென்டர்களைப் பற்றி. பணம் வாங்கிக்கொண்டு மாணவரின் ஆய்வைச் "செய்து தரும்" கடைகளில் பல, மாதிரியை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு இடையில் விலையை ஏற்றுபவை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவரின் அறிக்கையில், குரோமோசோமின் பாதிப் பகுதி முழுவதும் "பெருகிய மரபணுக்கள்" என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கச் சொன்னேன். வரைந்து பார்த்தால், தொடக்கப் புள்ளியில் உச்சி, இரு பக்கமும் ஒரே சீராகச் சரிந்து முடிவிடத்தில் அடிவாரம். அவ்வளவுதான், வேகமாக வளர்ந்த செல்லின் இயல்பான சரிவு. அதற்கு இரண்டாம் முறையும் அவரிடம் பணம் வாங்கியிருந்தார்கள். ஒரு மரபணுத் துண்டு உண்மையில் பெருகியிருந்தால் வரைபடத்தில் சரிவு வராது, படிக்கட்டு வரும்: ஓரிடத்தில் செங்குத்தாக ஏறி, சற்றுத் தூரம் மேலேயே ஓடி, மீண்டும் செங்குத்தாக இறங்கும். வரிசைப்படுத்தல் எப்போதாவது தேவைப்பட்டால், FASTQ கோப்புகளைத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாத யாரிடமும் மாதிரியைக் கொடுக்காதீர்கள். வண்ணப் படம் போட்ட அறிக்கை மட்டும் போதாது.

உங்களுக்கு வரிசைப்படுத்தலே தேவையில்லை. அதே செல்களை ஊடகம் தீரும்வரை இரவு முழுவதும் வளரவிட்டு, அந்த டி.என்.ஏ.விலும் அதே இரண்டு மரபணுக்களை அளந்து பாருங்கள். வளர்ச்சி நின்ற செல்கள் புதிய சுற்றுகளைத் தொடங்குவதில்லை, ஓடிக்கொண்டிருந்தவை முடிந்துவிடும். விகிதம் ஒன்றுக்கு அருகே இறங்கினால் உங்கள் 3 வளர்ச்சியால் வந்தது. இறங்காமல் 3-லேயே நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: மரபணு உண்மையாகவே பெருகியிருக்க வேண்டும், அல்லது உங்கள் இரண்டு ப்ரைமர் ஜோடிகளின் திறன் ஒன்றாக இல்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான். இரண்டு ஜோடிகளையும் நீர்த்தல் வரிசை வைத்துச் சோதித்துவிடுங்கள். ஒழுங்கான வழி, வளராத செல்லின் விகிதத்தை ஒன்று என்று வைத்து, வளரும் செல்லின் விகிதத்தை அதனோடு ஒப்பிட்டுச் சொல்வது.

மாதிரி எடுக்கும் நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. எல்.பி. ஊடகத்தில் ஒளியடர்த்தி 0.3-ஐத் தாண்டும்போதே செல்களின் வளர்ச்சி தளரத் தொடங்கிவிடும். 0.8-இலோ 1-இலோ எடுத்துவிட்டு, 25 நிமிடக் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் பொருந்தாது. எடுத்த குழாயை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாலும் அதேதான், கவைகள் தம் வேலையை முடித்துக்கொண்டே இருக்கும். 0.2 அளவில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் புதையுங்கள்.

நேர்முகத் தேர்வில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: இப்படிச் சுற்றுக்குள் சுற்று ஓடினால் செல் கட்டுப்பாடு இழந்துவிடாதா என்று. இழக்காது. ஒவ்வொரு தொடக்கப் புள்ளிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு செல் பருமன் சேரும்போதுதான் சுற்று தொடங்குகிறது என்பதை வில்லியம் டொனாக்கி அதே 1968-இல் காட்டினார். தொடங்கி வைப்பது ஏ.டி.பி. பற்றிய டினா-ஏ புரதம். தொடங்கிய உடனே செக்-ஏ என்னும் இன்னொரு புரதம், இன்னும் மீத்தைல் குறி ஏறாத புதிய இழையை அடையாளம் கண்டு, அந்தத் தொடக்கப் புள்ளியைச் சில நிமிடம் மூடிவைக்கிறது. அதனால்தான் நான்கும் சேர்ந்து ஒரு முறை தொடங்குகின்றன, ஒன்றே இரு முறை தொடங்கிவிடுவதில்லை. அதற்கு மேல் கேட்டால் கேட்பவரையே விளக்கச் சொல்லலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களைப் போன்றவர்கள் அடுத்துச் செய்யும் தவறு அதில்தான். மேலே சொன்ன 40, 20 என்ற எண்கள் வேகமாக வளரும் செல்லுக்குரியவை. செல்லை எளிய உப்பு ஊடகத்துக்கு மாற்றி, மணிக்கு ஒரு முறைக்கும் மெதுவாக வளரச் செய்தால், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் சுற்றுகள் மறைந்துவிடும். செல் பிறந்து, சிறிது நேரம் எந்த நகலெடுப்பும் இல்லாமல் வளர்ந்து, பிறகே சுற்றைத் தொடங்கும், அந்தச் சுற்று முடிந்த பிறகே பிரியும். பாடப்புத்தகம் சொல்லும் வரிசை அங்கே பொருந்துகிறது. ஆனால் அங்கே நகலெடுப்பும் நீளும், முடிந்த பிறகு பிரியும் நேரமும் நீளும். வாய்பாட்டில் 40 என்று போட்டு 2^(40/120) = 1.26 என்று கணக்கிட்டுவிட்டு, ஆய்வகத்தில் அதைவிடப் பெரிய எண் வந்தால் "கலப்படம்" என்று மறுபடி ஓட வேண்டாம். நீண்டுபோன C-ஐத் தனியாக அளந்த பிறகே அந்த வாய்பாட்டைத் தொட வேண்டும். இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் வாய்பாட்டை மட்டும் எழுதிப்போடும் குறிப்பேடுகளே இதில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

உங்கள் இரண்டு மரபணுக்களும் மிகச் சரியாகத் தொடக்கத்திலும் முடிவிடத்திலும் இல்லையென்றால் விகிதம் 3-ஐவிடச் சற்றுக் குறையும். பாதி வழியில் உள்ள மரபணுவோடு ஒப்பிட்டால் 2^(20/25), அதாவது 1.74 வரும். நடுவழி மரபணு ஒன்றையும் சேர்த்து அளந்து, மூன்று புள்ளிகளையும் மடக்கை அளவில் வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்த நேர்கோட்டை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் வையுங்கள், இரவு வளர்த்த செல்லின் கிடைக்கோட்டை அதன் அடியில் வையுங்கள்.