ஊற்றை அளந்த பிறகுதான் குழாய்: பழனி மலைச் சொட்டுநீர் கேள்வி பதில்

தாண்டிக்குடி வாசகர்: ஒன்றரை ஏக்கர். கொடி பீன்ஸ், சௌசௌ. மேலே சின்ன ஊற்று, 20 லிட்டர் வாளி நிறைய 4 நிமிஷம் ஆகிறது. கோடை பீன்ஸில் செலவு போக 30,000 நிற்கும். மழை ஏமாற்றுகிறது. தொட்டிக்கும் ஊற்றிலிருந்து கொண்டுவரும் குழாய்க்கும் என் கையிலிருந்து 70,000 ஆகும். நகையை வைத்துச் சொட்டுநீர் போடலாமா?

தம்பி, நகையை எடுக்கும் முன் ஒரு வாளியை எடுங்கள். ஐப்பசியில் இல்லை, மார்ச் கடைசியில். 20 லிட்டர் வாளி நிறைய 4 நிமிஷம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். எந்த மாதம் அளந்தீர்கள் என்று எழுதவில்லை. மார்ச் அளவு என்றே வைத்தாலும் நிமிஷத்துக்கு 5 லிட்டர், நாளைக்கு 7,200 லிட்டர். கோடையில் நம் மலையில் காய்கறிக்கு ஒரு நாளைக்கு 3 மி.மீ. தண்ணீர் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். ஏக்கருக்கு ஏறக்குறைய 12,000 லிட்டர் வருகிறது. உங்கள் ஊற்று 60 சென்ட் தாங்கும். ஏப்ரலில் இன்னும் இறங்கும் என்பதால் 50 சென்ட்டோடு நிறுத்துங்கள். மீதி ஒரு ஏக்கர் மழையை நம்பியே இருக்கட்டும். ஒன்றரை ஏக்கருக்கும் குழாய் விரித்தால் எல்லாச் செடியும் பாதித் தாகத்தில் நிற்கும், பூ உதிரும்.

இனி பணம். கோடை பீன்ஸில் செலவு போக 30,000 நிற்கும் என்கிறீர்கள். 4 வருஷத்தில் ஒரு வருஷம் ஊற்று வற்றும் என்று வையுங்கள். 90,000 வரும், 70,000 அடைந்துவிடும். ஆனால் வற்றும் வருஷம் முதல் வருஷமாகவே வந்தால்? நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷத் தவணை. கையில் ஒன்றும் இல்லாமல் வட்டியைக் கட்டி மறுபடி வைக்க வேண்டியிருக்கும். நான் அப்படி மாட்டியவன். மண்டியில் முன்பணம் வாங்கிக் குழாய் போட்டேன். அந்த வருஷம் விலை ஏறியபோதும் அவர்கள் சொன்ன விலைக்கே மூட்டையை இறக்கினேன்.

அதனால் இந்த வருஷம் சௌசௌ பணம் வந்ததும் ஊற்றுக் குழாயையும் ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற தொட்டியையும் மட்டும் முடியுங்கள். வயலுக்குள் போகிற குழாய் மானியத்தில் வரட்டும்.

பண்ணைக்காடு: சிறு விவசாயிக்கு 100 சதவீத மானியம். அப்புறம் காசு எதற்கு?

மானியம் வயலுக்குள் விரிக்கும் கருவிக்கு, அதுவும் அரசு வைத்த அளவுத் தொகை வரை. 5 ஏக்கருக்குள் இருப்பவருக்கு 100, மற்றவருக்கு 75. ஊற்று உங்கள் வயலிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருந்தால் அந்தத் தூரத்துக் குழாய் இந்த மானியத்தில் சேராது.

கே.சி. பட்டி: மலையில் பம்ப்பே வேண்டாம் அண்ணே. ஊற்று எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

முதல் பாதி சரி. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும், சொட்டுவானுக்கு அது போதும். 40 மீட்டர் இறக்கினால் 4 கிலோ. சொட்டுவான் கோத்த லேட்டரல் குழாய் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்து அழுத்தத்தை உடைத்துவிட்டு, அங்கிருந்து வயலுக்கு விடுங்கள். லேட்டரலைச் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓட்டுங்கள். சரிவோடு ஓட்டினால் கீழ்ச் செடி அழுகும், மேல்ச் செடி வாடும். அந்த வாட்டத்தைப் பார்த்தே குழாய் தப்பாகப் போட்டிருப்பது தெரிந்துவிடும்.

மன்னவனூர்: கேரட்டுக்கு எத்தனை சொட்டுவான்?

நெருக்கி விதைக்கிற பயிர். தெளிப்பு நீரைப் பற்றித் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், அதற்கும் மானியம் உண்டு.

பெருமாள்மலை: எனக்குக் காபி. அந்த 70,000-ல் ஒரு குட்டை வெட்டினால் மழைத் தண்ணீரே நிற்கும். குழாய் எல்லாம் காட்டுப்பன்றிக்குத்தான்.

ஐயா, பன்றி கடிப்பது உண்மை. ஆனால் காபிக்கு மார்ச், ஏப்ரலில் பூமழை கிடைத்தால் வருஷம் நிற்கும். குட்டையில் தேக்கி அந்த ஒன்றிரண்டு தடவை நனைப்பது உங்களுக்குச் சரி. பீன்ஸ் தினமும் கேட்கும்.

பெருமாள்மலை: தினமும் கேட்கிற பயிரை வற்றுகிற ஊற்றை நம்பி வைப்பதே தப்பு என்கிறேன்.

அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பிக்குக் காபி காய்க்கும்வரை 3, 4 வருஷம் சாப்பாடு யார் போடுவது? சரிவில் குட்டை வெட்டினால் மண் சரியும் பயமும் எனக்கு உண்டு. உங்கள் குட்டை எத்தனை மழைக்காலம் தாங்கியது, கரையை எப்படிக் கட்டினீர்கள்? எழுதுங்கள், நான் மாற்றிக்கொள்ளத் தயார்.

பாச்சலூர்: 100 சதவீத மானியம் உண்மையா?

மேலே பண்ணைக்காட்டுக்குச் சொன்னதேதான்.

கூக்கால்: போட்டு ஒரு வருஷம்தான், பாதி சொட்டுவான் அடைத்துவிட்டது. கம்பெனி சரியில்லையா?

கடைசி மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். சேறு வந்தால் பில்டர் கழுவவில்லை, பச்சையாக வழவழப்பு வந்தால் தொட்டிக்கு வெயில் படுகிறது. தொட்டியை மூடுங்கள், வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து ஓடவிடுங்கள். ஊற்றை எந்த மாதம் அளந்தீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை. டிசம்பர் என்றால் மார்ச்சில் மறுபடி அளங்கள்.