எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்

“திருகோணமலையில் எம்எல்டி படிக்கிறேன். வெண்குழியம் 180,000, பிளாஸ்ட் 2 வீதம், மயலோசைட், பேசோஃபில் கூட. அக்யூட் லியூக்கீமியா என்ற குருதிப் புற்றுநோய் என்று எழுதினேன், பிழையாம். ஏன்?”

எண்ணிக்கையை விடுங்கள், குழியம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். குருதியிலோ என்பு மச்சையிலோ முதிராத குழியமான பிளாஸ்ட் 20 வீதமோ மேலோ இருந்தால் பொதுவாக அக்யூட். மொத்த எண்ணிக்கை வெறும் 3,000 ஆக இருந்தாலும்தான். உங்கள் ஸ்லைடில் முதிரும் படிகள் எல்லாமே வரிசையாக நிற்கின்றன, பேசோஃபில் வேறு. அது குரோனிக் மயலோயிட். பிலடெல்ஃபியா குரோமோசோம் பார்த்து உறுதிசெய்வார்கள். முதிர்ந்த சிறு லிம்போசைட்டுகளும் நசுங்கிய ஸ்மட்ஜ் குழியங்களும் நிறைந்திருந்தால் குரோனிக் லிம்போயிட்டை நினைக்கலாம்.

சரி, பிளாஸ்டே நிறைந்திருந்தால்? உள்ளே ஊசிபோல் சிவந்த ஆவர் ரொட் தெரிந்தால் மயலோயிட். தெரியவில்லை என்பதற்காக லிம்போயிட் என்று எழுதிவிடாதீர்கள் (நானும் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தவன்). அதற்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும்.