எஸ்ஐபி: நிறுத்தக் கட்டணமில்லை, தவணை திரும்பினால்தான் கட்டணம்

கேள்வி: மாசம் 3,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டுக்குப் போக வங்கியில் மேண்டேட் கொடுக்கச் சொல்கிறார்கள். விவசாய வருமானம், நடவு சமயத்தில் கையில் இருக்காது. நடுவில் நிறுத்தினால் அபராதம் உண்டா?

மாசாமாசம் இப்படித் தவணையாகப் போடுவதுதான் எஸ்ஐபி, அதை நிறுத்த ஃபண்டு நிறுவனம் ஒரு பைசா வாங்காது. நிறுத்தாமல் கணக்கைக் காலியாக விட்டால் வங்கி அபராதம் பிடிக்கும், அதில்தான் நான் மாட்டினேன்.

எனக்கு மன்னார்குடி பக்கம். 1,500 வீதம் இரண்டு எஸ்ஐபி, ஐந்தாம் தேதி. ஒரு சம்பா நடவில் ஆள்கூலி, உரம் எல்லாம் போக கணக்கில் கிடந்தது 1,140 ரூபாய். இரண்டு தவணையும் தனித்தனியாக வந்து, பணம் போதாமல் தனித்தனியாகத் திரும்பின. ஒவ்வொன்றுக்கும் 250 ரூபாய், ஜிஎஸ்டி 45, ஆக 590. மூன்று மாதம் தொடர்ந்து திரும்பினால் எஸ்ஐபி தானாக ரத்தாகிவிடும், அப்படியே விடு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்தேன். ரத்தானது உண்மைதான், ஆனால் மூன்று மாதத்துக்கு 1,770 ரூபாய் ஆகியிருந்தது. கொள்முதல் நிலையத்து நெல் பணம் ஏறியதும் பாக்கியையும் சேர்த்துக் கழித்துக்கொண்டார்கள்.

மேண்டேட் வேறு, எஸ்ஐபி வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. மேண்டேட் என்பது இந்த அளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்கு நாம் கொடுக்கும் அனுமதி. அதில் 10,000 என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், அது உச்சவரம்பு, எஸ்ஐபியில் எழுதிய 3,000தான் போகும். நெட்பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் எதில் வேண்டுமானாலும் உறுதி செய்யலாம், பதிவாகச் சில நாள் பிடிக்கும். பதிவானதும் UMRN என்று ஒரு எண் வரும், அதைக் குறித்து வையுங்கள்.

நிறுத்தும்போது முதலில் எஸ்ஐபியை நிறுத்துங்கள், ஆரம்பித்த அதே ஆப்பிலோ ஃபண்டின் தளத்திலோ. 2024 டிசம்பரிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இருந்தாலும் நான் தவணைக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுவேன், கடைசி நாளில் கொடுத்தால் அந்த மாதப் பிடித்தம் ஏற்கனவே வங்கிக்குப் போயிருக்கலாம். ரத்தானது என்று செய்தி வந்த பிறகு, மறுபடி போடும் எண்ணம் இல்லையென்றால் அந்த UMRN எண்ணைக் கொடுத்து வங்கியில் மேண்டேட்டையும் ரத்து செய்யுங்கள். முதலிலேயே மேண்டேட்டை மட்டும் ரத்து செய்தால் ஃபண்டு பக்கம் எஸ்ஐபி ஓடிக்கொண்டே இருக்கும், தவணை மறுபடி வந்து திரும்பும்.

உங்களுக்கு நடவு நேரம் மட்டும்தான் சிக்கல் என்றால், ரத்து செய்யாமல் சில மாதம் நிறுத்திவைக்கும் வசதி பல ஃபண்டுகளில் இருக்கிறது, சேரும் முன் கேளுங்கள். இதுவரை போட்ட பணம் அப்படியே இருக்கும். அதை எடுக்கும்போதுதான் எக்ஸிட் லோடு என்று ஃபண்டு பிடிக்கும் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். பங்கு ஃபண்டுகளில் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம், அந்த ஒரு வருடமும் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனிக் கணக்கு.